“இப்போதே பேசலாமா?” என்று நேர்காணலுக்கு அழைப்பு வந்தால்

இருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டே வேறு வேலைக்கு விண்ணப்பித்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி எந்த நேரத்திலும் வரும்: “வணக்கம், இப்போது பேச முடியுமா?” முதல் நாள் தகவல் இருக்காது. பேசப்போவது யார், எவ்வளவு நேரம் ஆகும் என்ற விவரமும் இருக்காது. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தபோது, வேறு வேலை தேடிய மாதங்களில் எனக்கு இப்படிப் பல அழைப்புகள் வந்தன. இன்றைய வேலை அப்படி வந்த ஓர் அழைப்பின் மூலமாகத்தான் கிடைத்தது. அழைப்பு வந்த அந்த நிமிடத்தில் நான் பேசவில்லை. அதைவிட நல்ல நேரம் ஒன்றைச் சொன்னேன், அவர்கள் அதை ஏற்றார்கள். அதை எப்படிச் சொன்னேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விவரமாக எழுதுகிறேன்.

திடீரென்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். ஒன்று, ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சியிலிருந்து வரும் அழைப்பு. மாலைக்குள் இத்தனை பேரின் விவரத்தை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கும். இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் காலம், ஊர் மாறச் சம்மதமா என்று நான்கைந்து கேள்விகளில் பேச்சு முடிந்துவிடும். இரண்டாவது, நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்தே வருவது. முடிவெடுக்கும் அதிகாரிக்கு இருந்த ஒரு கூட்டம் ரத்தாகி, அரை மணி நேரம் கையில் மிஞ்சியிருக்கும். தேர்வுப் பட்டியலில் இருப்பவர்களை வரிசையாக அழைத்து, யார் கிடைக்கிறாரோ அவரோடு அவரைப் பேசவைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். இது முழு நேர்காணல். அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் வரை போகும்.

இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எந்த நேரத்தையும் சொல்லக் கூடாது. கன்சல்டன்சிக்காரரிடம் “நாளை மறுநாள் பேசலாம்” என்றால், அவர் அன்று மாலையே வேறு பெயர்களை அனுப்பிவிடுவார். நிதித் தலைவரோடு பேச வேண்டிய நேர்காணலுக்கு “இன்று மதிய உணவு இடைவேளையில் பேசலாம்” என்றால், தயாரிப்பு இல்லாமல் படிக்கட்டில் நின்றுகொண்டு பேச வேண்டியிருக்கும். அதனால் நான் முதலில் கேட்பது, “பேசப்போவது யார், எவ்வளவு நேரம் ஆகும்?” என்பதைத்தான். இதைக் கேட்டதற்காக யாரும் முகம் சுளித்ததில்லை.

என் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அன்று தேதி 20, புதன்கிழமை. கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு அந்தத் தேதியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அதுதான். தவறினால் வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி, அதற்கு மேல் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். கம்பெனிகள் டிஜிட்டல் கையொப்பம் இட்டுத்தான் தாக்கல் செய்ய முடியும். கையொப்ப டோக்கன் எங்கள் இயக்குநரிடம் இருந்தது. அவர் மூன்று மணிக்கு என் மேசைக்கு வந்து அதைக் கணினியில் செருகி, பாஸ்வேர்டைப் போட்டுத் தருவதாக ஏற்பாடு. 2.40 மணிக்கு, சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. “மேடம், கணக்கு மேலாளர் பணிக்கு உங்கள் விண்ணப்பம் தேர்வாகியிருக்கிறது. எங்கள் நிதித் தலைவர் இப்போது ஓய்வாக இருக்கிறார். உடனே பேச முடியுமா?”

யாரோடு பேச வேண்டும் என்பது செய்தியிலேயே இருந்ததால், அதைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. நான்கைந்து நிமிடத்துக்குள் பதில் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்:

“வணக்கம் மேடம், அழைத்ததற்கு மிக்க நன்றி. இந்தப் பணியைப் பற்றிப் பேச ஆவலாக இருக்கிறேன். இப்போது அலுவலகத்தில் மாதக் கெடு வேலையில் இருப்பதால், சாரிடம் நிதானமாகப் பேச முடியாது. இன்று (புதன், 20) இரவு 7.30 முதல் 8.15 வரை, அல்லது நாளை (வியாழன், 21) காலை 8.30 முதல் 9.15 வரை தடையில்லாமல் பேச முடியும். இரண்டில் எது சாருக்கு வசதி என்று சொன்னால் அந்த நேரத்தை ஒதுக்கி வைக்கிறேன். போனிலா, வீடியோ அழைப்பிலா என்பதையும் தெரிவியுங்கள்.”

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதல் வரி விருப்பத்தைச் சொல்கிறது. “இப்போது முடியாது” என்று தொடங்கினால், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போவதற்கு அதுவே போதும். வாட்ஸ்அப்பில் செய்தியைத் திறக்காமலேயே முதல் வரி மட்டும் திரையில் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த வரியில் மறுப்பு இருக்க வேண்டாம்.

காரணத்தைச் சில சொற்களில் முடித்தேன். எங்கள் கம்பெனியின் தாக்கல் இன்னும் முடியவில்லை, இயக்குநர் டோக்கனோடு வருகிறார் என்றெல்லாம் எழுதியிருந்தால், இருக்கும் நிறுவனத்தின் உள்விவகாரத்தை வெளியாளிடம் சொன்னதாக ஆகியிருக்கும். கணக்குப் பணிக்கு ஆள் எடுப்பவர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். “மாதக் கெடு வேலை” என்றால் ஒரு நிதித் தலைவருக்குப் புரியும். 20ஆம் தேதி மதியம் கணக்குப் பிரிவில் இருப்பவர் எழுந்து போய் முக்கால் மணி நேரம் போன் பேசினால்தான் அவர் யோசிக்க வேண்டும். வேறு துறையினர் “பணியில் இருக்கிறேன்” என்று சொன்னாலே போதும். உடம்பு சரியில்லை, மருத்துவமனையில் இருக்கிறேன் போன்ற பொய்கள் வேண்டவே வேண்டாம். அடுத்த பேச்சில் “இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்று அன்போடு கேட்பார்கள்.

நேரம் சொல்லும்போது இரண்டு நேரங்கள் சரியாக இருக்கும் என்பது என் அனுபவம். ஒன்றை மட்டும் சொன்னால் நிபந்தனை போட்டது போலாகிவிடும். நான்கைந்து சொன்னால், அவர்கள் அதிகாரியிடம் கேட்டுத் திரும்பி வருவதற்குள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் குழப்பம் வரும். கிழமையும் தேதியும் சேர்ந்து இருக்க வேண்டும். “நாளை” என்று எழுதிய செய்தியை அவர்கள் மறுநாள் காலையில் படித்தால், அந்த நாளை வேறு நாளாகிவிடுகிறது. தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் எழுதினால், “இவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?” என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

“மாலையில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்” என்று பலர் எழுதுகிறார்கள். பணிவாகத் தோன்றும், ஆனால் நடைமுறையில் அது நம்மையே மாட்டிவிடும். ஆறு மணிக்கு அலுவலகத்தை விட்டு இறங்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, காய்கறிக் கடையில் என்று எந்த இடத்திலும் அழைப்பு வரலாம். எடுத்தால் சரியாகப் பேச முடியாது, எடுக்காவிட்டால் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்றாகும். “பிறகு பேசலாமா?” என்று மட்டும் எழுதுவதும் இதே வகைதான். நேரம் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதையும் எதிராளியின் தலையில் வைக்கிறோம், அவருக்கோ அழைக்க இன்னும் பலர் இருக்கிறார்கள்.

7.30 என்ற நேரத்தை நான் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் சொன்னேன். தாக்கல் ஐந்து மணிக்குள் முடிய வேண்டும், ஆனால் கடைசி நாளில் இணையதளம் மெதுவாகும், அதனால் ஆறரை என்று வைத்துக்கொண்டேன். பீளமேட்டிலிருந்து வீட்டுக்கு முப்பது நிமிடம். முகம் கழுவி, தண்ணீர் குடித்து உட்கார இன்னும் கால் மணி நேரம். அதற்கு மேல் ஒரு கால் மணி நேரம் கையிருப்பு. வீட்டில் அந்த நேரத்துக்குக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடும். ஆகவே மாடி அறை. அங்கே போன் சிக்னல் ஜன்னலோரத்தில் மட்டும்தான் நன்றாகக் கிடைக்கும் என்பதை முன்பே சோதித்து வைத்திருந்தேன். வேலை தேடத் தொடங்கிய வாரத்திலேயே இப்படி ஓர் இடத்தைப் பார்த்து வைத்துவிடுவது நல்லது. அழைப்பு வந்த பிறகு தேட நேரமிருக்காது.

மதிய உணவு இடைவேளையை நான் தரவே மாட்டேன். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அரை மணி இடைவேளையில் வெளியே போய் ஒதுக்குப்புறமான இடம் பிடிக்கவே ஐந்து நிமிடம், திரும்பி வர ஐந்து நிமிடம். மீதி இருபது நிமிடத்தில் அவர்கள் ஐந்து நிமிடம் தாமதமாக அழைத்தால், பேச்சு சூடு பிடிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டிவரும். கன்சல்டன்சியின் விவரம் கேட்கும் அழைப்புக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

2.52க்குப் பதில் வந்தது. “சார் 3.30 வரைதான் இருப்பார் மேடம். இன்று இரவு விமானத்தில் கிளம்புகிறார். இப்போது முடியாதா?” பலர் தடுமாறும் இடம் இதுதான். அவசரம் உண்மையானதா, வெறும் வசதிக்கானதா என்பது இந்த இரண்டாவது செய்தியில்தான் தெரியும். விமானம், வெளியூர்ப் பயணம் என்று திட்டவட்டமான காரணம் சொன்னால் நம்பலாம். “இல்லை மேடம், இப்போதே பேசினால் நல்லது” என்று மட்டும் வந்தால், நம்முடைய நேரங்களை ஒருமுறை மரியாதையாக மீண்டும் சொன்னாலே போதும், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இங்கே காரணம் உண்மையாகத் தெரிந்தது. 7.30 இனி இல்லை என்பதும் தெரிந்தது. நான் எழுதியது இது:

“புரிகிறது மேடம். 3.20க்கு ஐந்து நிமிடம் சாரிடம் போனில் அறிமுகமாகப் பேச முடியும். விரிவான பேச்சை நாளை காலை 8.30க்கு வைத்துக்கொள்ளலாமா? பயணத்தில் இருந்தால் வெள்ளி (22) காலை 8.30க்கும் என்னால் முடியும்.”

ஐந்து நிமிடம் என்று சொல்லும்போது, அந்த ஐந்து நிமிடம் என்னால் நிச்சயமாகத் தர முடியுமா என்று பார்த்தே சொன்னேன். இயக்குநர் மூன்று மணிக்கு வந்து கையொப்பமிட்டால், தாக்கல் முடிந்து ரசீது எண் வர 3.15 ஆகும். தளம் மெதுவாக இருந்தாலும், ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடம் எழுந்து போகலாம். இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தால் காப்பாற்ற முடிந்திருக்காது. அந்தச் செய்திக்கு உடனே பதில் வரவில்லை. 3.20க்கு அழைப்பும் வரவில்லை. இப்படி நடப்பது சாதாரணம், இதை மறுப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இரண்டு மூன்று செய்திகளைத் தொடர்ந்து அனுப்பவும் கூடாது. மாலை 5.30க்கு ஒரே ஒரு முறை எழுதினேன்: “நாளை வியாழன் காலை 8.30ஐச் சாருக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். அது ஒத்துவராவிட்டால் வெள்ளி காலை 8.30. இந்த எண்ணிலேயே என்னை அழைக்கலாம்.” ஆறு மணிக்குள் பதில் வந்துவிட்டது. வெள்ளி காலை 8.30, வீடியோ அழைப்பு, இணைப்பு மின்னஞ்சலில் வரும் என்று.

இடையில் கிடைத்த நேரம் எனக்கு எவ்வளவு பயன்பட்டது என்பது பேச்சு தொடங்கியதும் தெரிந்தது. நிதித் தலைவர் முதலில் கேட்டது, சப்ளையர் தன் விற்பனை விவரத்தைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தைத் தாக்கல் செய்யாமல் இருந்தால், கொள்முதலில் நாம் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவு என்ன ஆகும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. கொள்முதல் பதிவேட்டையும், சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்துத் தளத்தில் நமக்கு வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையையும் மாதாமாதம் ஒப்பிட்டு, 2பியில் வராத இன்வாய்ஸ்களைத் தனியே பிரித்து, அந்த வரவை எடுக்காமல் நிறுத்தி வைத்து, சப்ளையருக்கு எழுதித் தொடர்வது என் வழக்கமான வேலைதான். ஆனால் அதை ஒழுங்காகச் சொல்ல, எங்கள் நிறுவனத்தின் பெயரோ தொகையோ வராமல் ஓர் உதாரணத்தை முந்தைய இரவே தாளில் எழுதி வைத்திருந்தேன். புதன் மதியம் திரையில் ஒரு கண், கதவில் ஒரு கண் என்று இருந்தபோது இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அந்தப் பதில் அந்த வரிசையில் வந்திருக்காது. நோட்டீஸ் காலம் பற்றிய கேள்விக்கும் என் நியமன உத்தரவைத் திறந்து பார்த்து, எத்தனை மாதம், சம்பளத்தைக் கட்டி முன்கூட்டியே விலக முடியுமா என்பதையெல்லாம் உறுதிசெய்து வைத்திருந்தேன். வாய்ப்பேச்சாக “ஒரு மாதம்” என்று சொல்லிவிட்டு, பிறகு மூன்று மாதம் என்று தெரிய வந்தால், கையில் வந்த வேலையே போய்விடக்கூடும்.

செய்தியாக வராமல் நேராகப் போனே அடித்தால் வேறு சிக்கல். திறந்தவெளி அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரருக்கு எல்லாம் கேட்கும். அங்கே “நேர்காணல்” என்ற சொல் என் வாயில் வரக் கூடாது. எடுத்தவுடன், “வணக்கம், பணியில் இருக்கிறேன். இது எதைப் பற்றி, யார் பேச வேண்டும் என்று இந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், பத்து நிமிடத்தில் நேரம் சொல்கிறேன்” என்று சொல்லி வைத்துவிடுவேன். வங்கியிலிருந்தோ சப்ளையரிடமிருந்தோ வந்த அழைப்பாகவே அது காதில் விழும். சொன்னபடி பத்து நிமிடத்துக்குள் நேரத்தை அனுப்பிவிட வேண்டும். பேசுவது தாமதமாகலாம், பதில் தாமதமாகக் கூடாது.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் இந்திய நேரம் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும், முடிந்தால் அவர்கள் ஊர் நேரத்தையும். நியூயார்க் நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம். நம்முடைய மாலை 5.30 அங்கே ஜூலையில் காலை 8 மணி, ஜனவரியில் 7 மணி. ஜனவரியில் அந்த நேரத்தைக் கேட்டால், அவர் அலுவலகம் வருவதற்கு முன்பே பேசச் சொல்வதாகிவிடும்.

எப்போதும் நேரம் மாற்றிக் கேட்கத்தான் வேண்டும் என்பதில்லை. நேர்காணல்கள் முடிந்து, சம்பளத்தை உறுதிசெய்ய மனிதவளப் பிரிவு அழைத்தால், ஐந்து நிமிடம் ஒதுங்கிப் பேசிவிடுவதே நல்லது. அந்தக் கட்டத்தில் அவர்களிடம் ஒப்புதல் கடிதம் தயாராக இருக்கும், ஓர் எண்ணுக்காகக் காத்திருப்பார்கள். கன்சல்டன்சியின் விவரம் கேட்கும் அழைப்பும் அப்படியே. ஏற்கெனவே ஒருமுறை நேரம் மாற்றியிருந்தால், இரண்டாவது முறை நம் பக்கத்திலிருந்து மாற்றுவதை எப்பாடுபட்டாவது தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாவிட்டால், குறித்த நேரத்துக்கு முன்பாகவே சொல்லிவிட வேண்டும். நல்ல முறையில் எழுதியும் வாய்ப்பு போவதும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் இதே மாதிரி இரண்டு நேரங்களைக் கொடுத்தார். அவர்களுக்கு மறுநாளே சேரக்கூடிய ஆள் வேண்டியிருந்தது, வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அவருடைய நோட்டீஸ் காலத்துக்கு அந்த வேலை எப்படியும் ஒத்துவந்திருக்காது.

நேரம் மாற்றிக் கேட்பதால் இன்னொன்றும் வெளிப்படும். வேலை தருவதாகச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் நேரத்தை மாற்ற ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “இப்போதே பேசாவிட்டால் இடம் போய்விடும்” என்பார்கள், சற்றுப் பொறுத்து பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பேச்சு திரும்பும். நான் நேரத்தோடு சேர்த்து, “நிறுவனத்தின் மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி உறுதிப்படுத்துங்கள்” என்று கேட்பேன். உண்மையான மனிதவளப் பிரிவுக்கு அது ஒரு நிமிட வேலை. மற்றவர்கள் மறைந்துவிடுவார்கள். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால், காலம் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கடைசியாக, அவர்களே ஒப்புக்கொண்ட நேரத்தில் அவர்கள் வராமல் போவதும் அடிக்கடி நடக்கும். குறித்த நேரத்திலிருந்து பத்து நிமிடம் காத்திருப்பேன். பிறகு ஒரு செய்தி: “8.30 முதல் இணைப்பில் இருக்கிறேன். 9.15 வரை இருப்பேன். அதற்குள் முடியாவிட்டால் இன்று இரவு 7.30 அல்லது நாளை காலை 8.30.” அதன் பிறகு 9.15 வரை அதே நாற்காலியில்தான் இருப்பேன். கோபத்தையோ வருத்தத்தையோ அதில் எழுத மாட்டேன். செய்தியை நகலெடுத்து, நிறுவனத்தின் பெயரோடு போனிலேயே குறித்து வைப்பேன். அடுத்து அழைக்கும்போது எந்த நேரங்களைக் கொடுத்தேன் என்று நினைவிலிருந்து தேட வேண்டியிருக்காது.